வீட்டு பேக்கரியின் முதல் கேக் படம்: பக்கத்து ஊர் ஆர்டர் வர அதன் கீழே என்ன எழுதுவது?

உச்சிப்புளியில் என் வீட்டு அடுப்படியிலிருந்து விற்பனைக்கென்று செய்த முதல் கேக்கின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டபோது, கீழே நான் எழுதியது இவ்வளவுதான்: "அன்போடு செய்த சாக்லேட் கேக்." அறுபது லைக் வந்தது. கூடப் படித்தவர்கள் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வாழ்த்தினார்கள். சித்தி மகன் சார்ஜாவிலிருந்து இதயம் போட்டான். ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை.

பத்து நாள் கழித்து, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அக்கா ஒருவர் மகள் பிறந்தநாளுக்கு ராமநாதபுரம் போய் கேக் வாங்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினார். "நீ போட்ட படத்தைப் பார்த்தேனே, லைக்கும் போட்டேனே. விக்கிறேன்னு சொல்லலியே. எங்கனயோ வாங்குனத போட்டிருக்கன்னு நெனச்சேன்" என்றார். படத்தைப் பார்த்தவர், கேக் தேவைப்பட்டவர், நடந்தே வந்து வாங்கக்கூடியவர். அவருக்கு என் எழுத்து எதையும் சொல்லவில்லை. அன்றிரவே அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அப்போது செய்தது, அதற்குப் பிறகு திருத்திக்கொண்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

எழுதுவதற்கு முன்: உங்கள் கேக் எவ்வளவு தூரம் தாங்கும்?

கேக் எப்படி இருக்கிறது என்பதைப் படமே சொல்லிவிடும். "மெத்துமெத்து", "வாயில் கரையும்" என்று கீழே எழுதுவது படத்தைத் திரும்பச் சொல்வது. பார்த்தவருக்குத் தெரியாதவை வேறு: எந்த ஊர், என்ன விலை, எப்போது சொல்ல வேண்டும், எப்படிக் கைக்கு வரும். இந்த நான்குக்கும் பதில் முதலில் உங்களிடம் இருக்க வேண்டும். அது இல்லாமல் எழுதப்போனால்தான் "அன்போடு செய்த" என்று கை போகிறது.

நான்கில் கடினமானது தூரம். நம் கடலோரத்தில் வெயிலோடு ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. விப்பிங் கிரீம் பூசிய கேக் ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து இளகத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை ஊகத்தில் வைக்காமல் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். நான் அரை கிலோ கேக் ஒன்றை, விற்கும்போது எப்படிக் கட்டுவேனோ அப்படியே அட்டைப் பெட்டியில் வைத்து, மதியம் மூன்று மணிக்கு ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தித் திறந்து பார்த்தேன். இருபது நிமிடம் வரை பூ வேலைப்பாட்டின் நுனி கூர்மையாக இருந்தது. முப்பதில் நுனி மழுங்கியது. நாற்பதில் அடி ஓரத்து வளையம் பெட்டிப் பக்கமாகச் சரிந்துவிட்டது. அதனால் என் எல்லை இருபத்தைந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த நிமிடங்களை ஊர்ப் பெயர்களாக மாற்றுங்கள். எனக்கு அது இருமேனி, புதுமடம், என்மனங்கொண்டான், பெருங்குளம் என்று வந்தது. ராமநாதபுரமும் மண்டபமும் என் ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம். இரண்டும் எல்லைக்கு வெளியே. அந்த இரண்டு ஊர்க்காரர்களும் நேரில் வந்து வாங்கலாம், நான் கொண்டுபோவதில்லை.

இதைத் தீர்மானிக்காமல் "டெலிவரி உண்டு" என்று எழுதினால் என்ன ஆகும் என்பதையும் அனுபவித்திருக்கிறேன். என் இரண்டாவது படத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ராமேஸ்வரத்திலிருந்து ஒரு குடும்பம் ஒரு கிலோ கேட்டது. எழுதியிருக்கிறோமே என்று ஒப்புக்கொண்டேன். பாம்பன் பாலத்தில் அன்று காற்று அதிகம், ஸ்கூட்டியை மெதுவாகத்தான் ஓட்ட முடிந்தது. போய்ச் சேர்ந்தபோது கேக் மேல் எழுதியிருந்த பெயர் வழிந்து கிடந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிழை கேக்கில் இல்லை, அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது.

முதல் வரி: ஊர்ப் பெயர் முன்னால் வரட்டும்

இன்ஸ்டாகிராமில் நீளமான எழுத்து முழுவதும் தெரியாது. முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மீதி "மேலும்" என்பதற்குள் மறைந்துவிடும். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே இன்னொரு இடைஞ்சல் உண்டு. "கே" என்பது நமக்கு ஓர் எழுத்து, ஃபோனுக்கு இரண்டு: க தனி, அதன் குறி தனி. அதனால் ஆங்கிலத்தில் எழுதுகிறவரைவிட நமக்கு அந்த இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஏழெட்டு வார்த்தைக்குள் முக்கியமானதைச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஏழெட்டு வார்த்தையில் முதல் இடம் ஊருக்கு. "உச்சிப்புளியில்" என்று தொடங்கினால், விரலால் தள்ளிக்கொண்டே போகிற உச்சிப்புளிக்காரர் நிற்பார். நம் ஊர்ப் பெயரைத் திரையில் பார்ப்பது அத்தனை வழக்கமில்லை, அதனாலேயே கண் நிற்கிறது. சென்னைக்காரருக்கும் அது பயன்படும்: இது தனக்கில்லை என்று முதல் சொல்லிலேயே தெரிந்துகொள்வார். அடுத்து, விற்பனைக்கு என்பது தெரிய வேண்டும். "வீட்டில் செய்து விற்கிறேன்" என்று நேராகவே எழுதலாம். எங்கள் அடுத்த தெரு அக்காவுக்கு வந்த சந்தேகம் அதோடு தீர்ந்துவிடும்.

ஊர்ப் பெயரை மாவட்ட அளவுக்குப் பெரிதாக்க வேண்டாம். "ராமநாதபுரம் மாவட்டம்" என்று எழுதினால் தொண்டியும் சாயல்குடியும் அதில் அடக்கம். எங்கிருந்தெல்லாமோ கேள்வி வரும், ஒவ்வொன்றுக்கும் "அவ்வளவு தூரம் முடியாதுங்க" என்று பதில் எழுதியே மாலை போய்விடும்.

விலை, எடை, படம்: மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்

"விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று எழுதுவது இப்போது எல்லாரும் செய்வது. விலையைச் சொன்னால் ஓடிவிடுவார்கள், பேச வைத்தால் வாங்கிவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் நான் பார்த்தது வேறு. விலை கேட்டுவிட்டு "வேண்டாம்" என்று சொல்லப் பலருக்கும் கூச்சம், அதிலும் தெரிந்த முகமாக இருந்தால் இன்னும் கூச்சம். அந்தக் கூச்சத்தில் கேட்காமலே இருந்துவிடுகிறார்கள். விலை கண்ணுக்கு முன்னால் இருந்தால், கேட்டு வருகிறவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார்.

விலையை எழுதும்போது எடையையும், எத்தனை பேருக்கு வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு கிலோ கேக் எவ்வளவு பெரிது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அரை கிலோ ஐந்தாறு பேருக்கு, ஒரு கிலோ பத்துப் பன்னிரண்டு பேருக்கு என்றால் வீட்டுத் தலைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

இங்கே அடிக்கடி நடக்கிற தவறு ஒன்று. படத்தில் இருப்பது ஒன்றரை கிலோ, கீழே எழுதியிருப்பது அரை கிலோ விலை. யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்வதில்லை. அழகாக வந்த கேக்கைப் படம் எடுக்கிறோம், குறைந்த விலையை எழுதுகிறோம். ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் வாங்கியவர் முகம் மாறிவிடும். "படத்தில் இருப்பது ஒரு கிலோ" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்தச் சங்கடம் வராது. கேக் பக்கத்தில் ஒரு தம்ளரோ கரண்டியோ இருந்தால் அளவு இன்னும் நன்றாகப் புரியும். வாடிக்கையாளருக்குச் செய்த கேக்கில் குழந்தையின் பெயர் எழுதியிருந்தால், அவர்களைக் கேட்காமல் படத்தைப் போடாதீர்கள்.

எந்த எடையை முதலில் எழுதுவது என்பதற்கு எங்கள் கடலோரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அதை நம்பியிருக்கும் வீடுகளில் கையில் பணம் ஓடாது. பிள்ளையின் பிறந்தநாள் அதற்காகக் காத்திருக்குமா? அந்த இரண்டு மாதமும் நான் அரை கிலோ விலையை முன்னால் எழுதுகிறேன், ஒரு கிலோவைப் பின்னால் வைக்கிறேன். தடை முடிந்த பிறகு மாற்றிக்கொள்வேன்.

முட்டையும் ஹலாலும்

இவை இரண்டையும் ஒவ்வொரு வரியாக எழுதிவிடுங்கள், கேட்கட்டும் என்று விடாதீர்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. அங்கே வடமாநிலக் குடும்பங்கள் உண்டு, முட்டை இல்லாத கேக்கா என்பதுதான் அவர்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி. அவர்களுக்காகவே கடைசியில் ஒரு வரியை ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். புதுமடத்துக்காரர்கள் ஜெலட்டின் சேர்த்திருக்கிறதா, எசென்ஸில் ஆல்கஹால் இருக்கிறதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். வனிலா எக்ஸ்ட்ராக்ட் என்று விற்பது பொதுவாக ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது. நீங்கள் வாங்கும் பாட்டில், பாக்கெட்டின் பின்புறத்தை முதலில் படியுங்கள். படித்து உறுதியானதை மட்டும் எழுதுங்கள். "ஜெலட்டின் சேர்ப்பதில்லை, ஆல்கஹால் இல்லாத எசென்ஸ்" என்று பொருளைச் சொல்வது, "ஹலால்" என்று ஒரே சொல்லில் முத்திரை குத்துவதைவிட நேர்மையானது.

முட்டை இல்லாத கேக்கை முட்டை கேக் அடித்த அதே பாத்திரத்தில் செய்கிறீர்கள் என்றால், கேட்கிறவர்களிடம் அதையும் சொல்லிவிடுங்கள். சிலருக்கு அது பெரிய விஷயம்.

எப்போது சொல்ல வேண்டும், எங்கே வாங்க வேண்டும்

"ஒரு நாள் முன்னதாகச் சொல்லவும்" என்பதைப் பலர் தங்கள் வசதிக்குப் புரிந்துகொள்வார்கள். சனி இரவு பத்து மணிக்கு ஃபோன் வரும், ஞாயிறு காலை பதினொன்றுக்குக் கேக் வேண்டும் என்பார்கள். கிழமையும் மணியும் போட்டு எழுதுங்கள்: "ஞாயிறு வேண்டுமானால் வெள்ளி இரவு 8 மணிக்குள்." இதற்குப் பிறகு எனக்கு அந்த இரவு ஃபோன்கள் வருவது நின்றுபோனது.

வீட்டு முகவரியை எழுத வேண்டாம். தனியாக வீட்டில் இருக்கிற பெண்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் போதும்: ரயில் நிலையம் பக்கம், இன்ன பள்ளிக்கூடம் எதிரில் என்று. முன்பணம் வந்த பிறகு வீடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளலாம்.

எண்ணும் இணைப்பும்

இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பைத் தொட்டால் திறக்காது. அதனால் அங்கே பத்து இலக்க எண்ணை அப்படியே எழுதுங்கள், இணைப்பை உங்கள் பக்கத்தின் அறிமுகப் பகுதியில் வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் இணைப்பு வேலை செய்யும். அது இப்படி இருக்க வேண்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91க்கு முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ வரக்கூடாது, நடுவில் இடைவெளியும் கூடாது. வெளியிடுவதற்கு முன் வேறொருவர் ஃபோனில் தொட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணோடு அரட்டை திறந்தால் சரி.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு சின்ன வரி சேர்ப்பது எங்கள் பக்கத்தில் நல்ல பலன் தந்தது. புதுமடம் போன்ற ஊர்களில் வீட்டுக்காரர் துபாயிலோ சவுதியிலோ இருப்பார், பிள்ளைகள் இங்கே இருப்பார்கள். "வெளிநாட்டிலிருந்து ஆர்டர் செய்யலாம், வீட்டில் கொடுத்துவிட்டு படம் அனுப்புகிறேன்" என்று எழுதிய வாரமே ஓர் அப்பா கத்தாரிலிருந்து எழுதினார். அவர் இருப்பது கடல் கடந்து, கேக் போக வேண்டியதோ பத்து நிமிட தூரம். பக்கத்து ஆர்டர் என்பது கேக் போய்ச் சேரும் இடத்தை வைத்துத்தான். கேட்கிறவர் எங்கே இருந்தால் என்ன?

இப்போது முழுவதையும் சேர்த்து

அன்றிரவு எழுதி, பிறகு திருத்தித் திருத்தி வந்து நின்ற வடிவம் இது:

"உச்சிப்புளியில் வீட்டில் செய்து விற்கும் சாக்லேட் கேக்.
அரை கிலோ ரூ.450 (5, 6 பேருக்கு). ஒரு கிலோ ரூ.850 (10, 12 பேருக்கு). படத்தில் இருப்பது ஒரு கிலோ.
முட்டை சேர்த்தது. முட்டை இல்லாமலும் செய்து தருகிறேன். ஜெலட்டின் கிடையாது, எசென்ஸில் ஆல்கஹால் கிடையாது.
ஞாயிறு வேண்டுமானால் வெள்ளி இரவு 8 மணிக்குள் சொல்லிவிடுங்கள்.
ரயில் நிலையம் பக்கத்தில் நேரில் வாங்கலாம். இருமேனி, புதுமடம், என்மனங்கொண்டான், பெருங்குளம் என்றால் நானே கொண்டுவந்து தருகிறேன், ரூ.50. கொண்டுவந்து தருவது மாலை 5 முதல் 7 வரை.
வெளிநாட்டிலிருந்தும் ஆர்டர் செய்யலாம்.
வாட்ஸ்அப்: (எண்)
Eggless cakes available."

விலை என் செலவுக்கு ஏற்ற விலை, உங்களுடையதை நீங்கள் கணக்குப் போட்டு எழுதுங்கள். நடை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், பேச்சுத் தமிழில் எழுதினால் இன்னும் நெருக்கமாக இருக்கும். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். ஊரும் விற்பனையும் முதல் வரி, விலை இரண்டாவது. உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியிருந்தால் அதன் 14 இலக்க எண்ணைக் கடைசியில் சேர்க்கலாம். இன்னும் வாங்கவில்லை என்றால் விற்கத் தொடங்கும் முன் foscos.fssai.gov.in தளத்தில் விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்து விற்றாலும் அது வேண்டும்.

கடைசியாக ஹேஷ்டேக். நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுகிறோம். ராமநாதபுரத்தைத் தேடுகிறவர் பெரும்பாலும் `ramnad` என்றுதான் தட்டுவார். கீழக்கரையை `kilakarai` என்றும் `keelakarai` என்றும் எழுதுவார்கள். உங்கள் ஊருக்கு வழங்கும் இரண்டு எழுத்துக்கூட்டலையும் போடுங்கள். `#cake` போன்றதெல்லாம் வேண்டாம், உலகத்துக் கேக்குகளோடு சேர்ந்து மூழ்கிவிடும். படத்தோடு இடத்தைக் குறிக்கும் வசதியில் உங்கள் ஊரையே தேர்ந்தெடுங்கள்.

எங்கே, எந்தக் கிழமை போடுவது

என் முதல் பத்து ஆர்டரில் ஏழு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலிருந்து வந்தவை. ஆனால் ஸ்டேட்டஸில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும், அவரும் உங்கள் எண்ணைச் சேமித்திருக்க வேண்டும். அப்போதுதான் அவருக்குத் தெரியும். முந்நூறு பேர் எண் வைத்திருக்கிறேனே, நாற்பது பேர்தான் பார்க்கிறார்கள் என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கும். அதனால் கேக் பெட்டிமேல் எண் எழுதிய சீட்டு ஒட்டி, "இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் வாரந்தோறும் என்ன கேக் என்று தெரியும்" என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். வெள்ளி இரவு ஆர்டர் முடிகிறது என்றால் வியாழன் மாலை ஏழு மணிவாக்கில் போடுவது எனக்குச் சரியாக வருகிறது: அன்றிரவு வீட்டில் பேசிக்கொள்வார்கள், மறுநாள் சொல்வார்கள். சனிக்கிழமை போட்டால் எல்லாரும் ரசிப்பார்கள், யாராலும் வாங்க முடியாது.

வருகிற கேள்விகளை வைத்துத் திருத்துங்கள்

முதல் வாரம் வரும் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். விலை எழுதியிருந்தும் "விலை என்ன?" என்று மூன்று பேர் கேட்டால், விலை "மேலும்" என்பதற்குள் மறைந்திருக்கிறது என்று பொருள்; மேலே கொண்டுவாருங்கள். பரமக்குடியிலிருந்து கேள்வி வந்தால் ஊர் சரியாகத் தெரியவில்லை. லைக் நிறைய, கேள்வியே இல்லை என்றால், விற்பனைக்கு என்பது புரியவில்லையா, அல்லது பார்க்கிறவர்கள் எல்லாரும் வெளியூரா என்று பாருங்கள். லைக் போட்டவர்களின் பெயர்களை ஒருமுறை ஓட்டினாலே தெரிந்துவிடும். கேள்விகள் வந்து, விலைக்குப் பிறகு பேச்சு நின்றுபோனால், திருத்த வேண்டியது எழுத்தாக இருக்காது. உங்கள் விலையையும் ராமநாதபுரம் கடை விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்ஸ்டாகிராமில் போட்ட பிறகும் எழுத்தைத் திருத்தலாம், படத்தை எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டியதில்லை. என் பட்டியலில் இப்போது இருக்கும் "ஜெலட்டின் கிடையாது" என்ற வரி முதலில் இல்லை. புதுமடத்திலிருந்து ஒரு பெண் ஃபோனில், "அக்கா, கேக்கு நல்லா இருக்கு, உள்ள என்ன போடுறீங்கன்னு எழுதலியே, மாமி கேக்குறாக" என்றார். சொன்னேன். அவர் ஆர்டர் கொடுத்துவிட்டு ஃபோனை வைத்ததும் அந்த வரியைச் சேர்த்தேன். அடுத்த வாரம் அதே தெருவிலிருந்து இரண்டு ஆர்டர் வந்தது; இருவருமே அதைக் கேட்கவில்லை, எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்கள். நேரத்தையும் எழுதிவிட்டேன்: "கொண்டுவந்து தருவது மாலை 5 முதல் 7 வரை."